சின்னப் போத்தலைக் கழுவ வேண்டாம்: 22 ஸ்லைட்டை எட்டு நிமிட ஒலிக்குறிப்பாக மாற்றிய அனுபவம்

வேலணையில் கிணற்று நீர் மாதிரி எடுக்கப் போன தம்பி ஒருவர் பின்னேரம் திரும்பி வந்து, றெஜிபோம் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, தான் செய்ததை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். "இரண்டு போத்தலையும் கிணத்துத் தண்ணியாலையே மூண்டு தரம் அலசிப்போட்டுத்தான் அண்ணா எடுத்தனான்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. பெரிய போத்தலை மூன்று தரம் அலச வேண்டும். சின்னப் போத்தலை அலசவே கூடாது. அது கிருமிப் பரிசோதனைக்கு. ஆய்வகம் கிருமி நீக்கி, மூடித் தந்தது. அதைத் திறந்து அலசியதும் மாதிரி பழுது. ஆறு கிணற்றுக்கும் இன்னொரு நாள் போய் மறுபடி எடுத்தோம்.

"அலசக் கூடாது என்று ஒலிக்குறிப்பில் சொல்லியிருந்தேனே?" என்று கேட்டேன். "அலசச் சொல்லித்தானே சொன்னனீங்கள்" என்றார். அவர் கவனமில்லாதவர் அல்ல. பஸ்ஸில் கேட்டிருக்கிறார். நான் அனுப்பிய ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது பிழை என்னுடையது என்று விளங்கியது. அந்தப் பதிவை எப்படித் திருத்தினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் பின்னணி. எங்கள் சிறு குழு தீவுப்பகுதியிலும் வலிகாமத்திலும் வீட்டுக் கிணறுகளில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுக்கிறது. தொண்டர்களுக்கான பயிற்சி 22 ஸ்லைட்டில் இருக்கிறது. மண்டபத்தில் கூட்டி வைத்துக் காட்டினால் நன்றாகவே விளங்கும். ஆனால் பயிற்சி ஒரு சனிக்கிழமை நடந்தால் மாதிரி எடுக்கும் நாள் இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் வரும். அதற்குள் பாதி மறந்துவிடும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறிப் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் மட்டும் போகிற வழியில் அவர்கள் கையில் நேரம் இருக்கிறது, காதில் போன் இருக்கிறது. குலுங்குகிற பஸ்ஸில் ஸ்லைட்டைத் திறந்து வாசிக்க முடியாது. ஆகவே கேட்கக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

முதல் பதிப்பு 19 நிமிடம். ஸ்லைட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை பேசிப் பதிந்தேன். பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. பிறகு எழுத்தாக்கிப் பார்த்தால், "இந்தப் படத்தில் தெரிவது போல" என்று ஏழு இடத்தில் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவருக்கு எந்தப் படமும் இல்லை. அதைவிடப் பெரிய கோளாறு 11ஆம் ஸ்லைட்டில் இருந்தது. தம்பி பிழைத்த இடமும் அதுதான்.

அந்த ஸ்லைட் ஒரு அட்டவணை. இடப்பக்கம் இரசாயனப் போத்தல், வலப்பக்கம் கிருமிப் போத்தல். வரிசைகளில் அலசுதல், நிரப்புதல், மூடுதல், குளிரில் வைத்தல். கண்ணுக்கு இது நல்ல அமைப்பு. ஒரே வரிசையில் இரண்டையும் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். நான் அதை அப்படியே வரிசை வரிசையாக வாசித்தேன்:

"இரசாயனப் போத்தலைக் கிணற்று நீரால் மூன்று தரம் அலச வேண்டும், கிருமிப் போத்தலை அலசக் கூடாது. இரசாயனப் போத்தலைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும், கிருமிப் போத்தலில் இரண்டு விரல் இடம் விட வேண்டும்."

காதால் கேட்கிறவர் இரண்டு போத்தலையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்திலும் இங்குமங்கும் தாவ வேண்டியிருக்கிறது. கண் திரும்பிப் போய் எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. நாலாவது வரிசை வரும்போது எது எதற்கு என்று கலந்துவிடுகிறது.

திருத்தம் எளிது. அட்டவணையைக் குறுக்காக வாசிக்காமல் நெடுக்காக வாசிக்க வேண்டும். ஒரு போத்தலைத் தொடக்கத்திலிருந்து மூடி பெட்டியில் வைக்கும்வரை சொல்லி முடிக்க வேண்டும். அது முடிந்தது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே மற்றது. எந்தப் போத்தல் முதலில் என்பதையும் ஸ்லைட் தீர்மானிக்கக் கூடாது, கை தீர்மானிக்க வேண்டும். ஸ்லைட்டில் இரசாயனம் முதலில் இருந்தது. கிணற்றடியில் கிருமி மாதிரியைத்தான் முதலில் எடுக்கிறோம், கயிறும் கையும் மற்றப் போத்தலால் அழுக்காகும் முன்பே. ஆகவே ஒலியிலும் அதுவே முதலில் வந்தது. கேட்ட ஒழுங்கும் செய்யும் ஒழுங்கும் ஒன்றாக இருந்தால் நினைவு வைக்கத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.

அடுத்தது பெயர். "இரசாயனப் போத்தல்", "கிருமிப் போத்தல்" என்று சொல்லிப் பாருங்கள். பஸ் இரைச்சலில் முன்பாதி அமுங்கிப்போனால் காதுக்கு வருவது இரண்டிலும் "...ப் போத்தல்" மட்டும்தான். இவற்றைத் தூக்கிவிட்டுப் "பெரியது", "சின்னது" என்று வைத்தேன். எங்களிடம் இருப்பது ஒரு லீற்றர் போத்தலும் அதன் கால்வாசி அளவுப் போத்தலும். கையில் எடுத்தாலே தெரியும். சொல் காதிலும் வேறாக இருக்கிறது, கையிலும் வேறாக இருக்கிறது. இந்த ஒரு மாற்றம் மட்டும் பாதி வேலையைச் செய்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் "அலசக் கூடாது" என்பது எப்படி "அலச" என்று கேட்டது? இதற்குக் காரணம் தமிழின் வசன அமைப்பு. நாங்கள் மறுப்பை வசனத்தின் கடைசியில் வைக்கிறோம். கூடாது, வேண்டாம், இல்லை, அல்ல எல்லாம் வால் பக்கத்தில்தான். வசனம் முடியும்போது குரலும் இயல்பாகத் தாழ்ந்துபோகும். ஆக முக்கியமான சொல் ஆகச் சன்னமான குரலில் வருகிறது. அந்தக் கணத்தில் சாரதி ஹோர்ன் அடித்தாலோ, கொண்டக்டர் "முன்னுக்குப் போங்கோ" என்று கத்தினாலோ, மிஞ்சுவது எதிர்க் கருத்து. எழுத்தில் இது ஒருபோதும் பிரச்சினையாகாது. இரைச்சலில் இது ஆபத்து.

"கூடாது" என்பதை முன்னுக்குக் கொண்டுவர முயன்றேன். "கூடாது, அலசுவது" என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். யாரும் அப்படிப் பேசுவதில்லை, கேட்கிறவர் திகைத்துப்போவார். கடைசியில் வேறு வழி எடுத்தேன். செய்யக் கூடாததை மட்டும் சொல்லாமல், செய்ய வேண்டியதைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, அதன் பிறகு மறுப்பைச் சொல்வது. மூன்றில் எந்த ஒன்று காதில் விழுந்தாலும் கருத்து மாறாது. இப்போதிருக்கும் பகுதி இப்படிப் போகிறது:

"சின்னப் போத்தல். இது ஆய்வகத்திலிருந்து சுத்தமாகவே வந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் நேரே கிணற்றுக்குள் இறக்குங்கள். உள்ளே எந்தத் தண்ணீரும் முதலில் படக் கூடாது. அலசினால் மாதிரி பழுது. அலச வேண்டாம்."

"அலசினால் மாதிரி பழுது" என்ற வசனத்தில் மறுப்புச் சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். வால் அறுந்தாலும் அது தலைகீழாகாது. ஆய்வகத்தார் சில போத்தல்களுக்குள் குளோரினை முறிக்கும் மருந்து சிறிதளவு போட்டிருப்பார்கள், குளோரின் இட்ட கிணறுகளுக்காக. அலசினால் அதுவும் போய்விடும். இதை ஒலிக்குறிப்பில் சேர்க்கவில்லை. பயிற்சியில் சொல்கிறோம், அது போதும்.

இதே கோளாறு 17ஆம் ஸ்லைட்டிலும் ஒளிந்திருந்தது. வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளுக்கான ஸ்லைட் அது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல், அதன் மேல் அதிக தடிப்பில்லாத மண். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் நிலத்தடி நீரில் நைட்ரேற்றைச் சேர்க்கின்றன. "கொதிக்க வைத்தால் சரிதானே?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். ஸ்லைட்டில் இருந்த பதில்: "கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேற் போகாது." இதை இரைச்சலில் கேட்டு "போகும்" என்று எடுத்துக்கொண்ட தொண்டர் ஒரு கைக்குழந்தை உள்ள வீட்டில் அப்படியே சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு நைட்ரேற் கூடிய நீர் கெடுதல். இரத்தம் ஒட்சிசன் கொண்டுசெல்வதை அது தடுக்கிறது. இப்போது அந்த வசனம் இப்படி: "கொதித்த தண்ணீரிலும் நைட்ரேற் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்." கிருமி சாகும் என்பதை இதோடு ஒட்டிச் சொல்வதையும் விட்டேன். அது இரண்டு வசனம் தள்ளி, தனியாக வருகிறது.

இனிக் கைகாட்டிகள். சந்தியில் நிற்கும் கைகாட்டி மரம் போல, கேட்கிறவருக்கு இப்போது எங்கே நிற்கிறோம், அடுத்து எங்கே என்று சொல்லும் வசனங்களைத்தான் நாங்கள் இப்படிச் சொல்லிக்கொள்கிறோம். ஸ்லைட்டில் தலைப்பு, நிறம், பக்க எண் எல்லாம் செய்கிற வேலையை ஒலியில் இவை தனியாகச் செய்ய வேண்டும். பயணத்தில் கேட்கிறவர் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்பதில்லை. டிக்கெட் எடுப்பார், தெரிந்தவர் ஏறினால் கதைப்பார், பண்ணைப் பாலத்தில் காற்று அள்ளும்போது ஒன்றும் கேட்காது. விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர் எங்கே நுழைந்தாலும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

முதல் பதிப்பில் ஸ்லைட்டுக்கு ஸ்லைட் "நாலாவதாக", "ஐந்தாவதாக" என்று சொல்லியிருந்தேன். எண்ணால் பயனில்லை. ஐந்தாவது என்றால் எது ஐந்தாவது என்று நினைவில் வைத்திருப்பவர் யார்? இரண்டாம் பதிப்பில் எண்ணை எடுத்துவிட்டுப் பொருளின் பெயரை வைத்தேன். ஆனால் எட்டு நிமிடத்துக்கு 14 கைகாட்டி வைத்துவிட்டேன். கேட்ட அக்கா ஒருவர், எது விசயம், எது அறிவிப்பு என்றே தெரியவில்லை என்றார். நாலாகக் குறைத்தேன். தொடக்கத்தில் ஒன்று, மூன்று பகுதிகளுக்கும் இடையே இரண்டு, முடிவில் ஒன்று.

தொடக்கக் கைகாட்டி: "மூன்று பகுதி. சின்னப் போத்தல், பெரிய போத்தல், வீட்டுக்காரர் கேள்வி." இடையில் வருவது எப்போதும் மூன்று துண்டு, எப்போதும் ஒரே ஒழுங்கு: "சின்னப் போத்தல் முடிந்தது. இனிப் பெரிய போத்தல். இதற்குப் பிறகு ஒரே ஒரு பகுதி." முடிந்தது எது, தொடங்குவது எது, மிச்சம் எவ்வளவு. சொற்களை அழகுக்காக மாற்றவில்லை. "இனி" என்ற சொல்லை வேறு எந்த வசனத்திலும் பயன்படுத்தவும் இல்லை. அது காதில் விழுந்தாலே பகுதி மாறுகிறது என்று பழகிவிட வேண்டும்.

மிச்சத்தை முதலில் நிமிடத்தில் சொல்லியிருந்தேன். "இன்னும் நாலு நிமிடம்" என்று. வட்ஸ்அப்பில் குரல் பதிவை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கலாம். இளம் தொண்டர்கள் எல்லாருமே அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு என் நாலு நிமிடம் பொய். பகுதிக் கணக்கு எந்த வேகத்திலும் பொய்யாகாது.

கைகாட்டி வருகிறது என்று காதுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒரு சத்தம் வைக்கலாமா என்றும் பார்த்தோம். சின்ன மணிச் சத்தம் ஒன்றைப் போட்டேன். பஸ்ஸில் இறங்குகிறவர் அடிக்கும் மணியும் அதுவும் ஒன்றாகவே கேட்டன. இரண்டு பேர் தலையைத் தூக்கி எந்த இடம் என்று பார்த்தார்கள். மணியை எடுத்துவிட்டு மூன்று வினாடி அமைதி வைத்தேன். அமைதியான அறையில் அது அருமை. பஸ்ஸில் பதிவு நின்றுவிட்டதென்று நினைத்துப் போனை வெளியே எடுத்தார்கள். கடைசியில் பலித்தது இரண்டாவது குரல். விசயத்தை நான் பேசுகிறேன், கைகாட்டியை மட்டும் எங்கள் அலுவலகத்து அக்கா பேசுகிறார். இடையில் ஒரு வினாடி அமைதி. குரல் மாறினாலே இது வேறு வகை வசனம் என்று தெரிகிறது. சொல் முழுவதும் கேட்காவிட்டாலும் ஒரு பகுதி முடிந்தது என்ற செய்தி போய்ச் சேருகிறது. அக்காவின் பங்கு மொத்தம் அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் அதற்காக நாலு தரம் திரும்பப் பதிந்தார், ஒவ்வொரு தரமும் இன்னும் தெளிவாக. அவருக்கு நன்றி சொல்லாமல் இந்தப் பதிவை எழுத மாட்டேன்.

22 ஸ்லைட்டில் எது நின்றது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ஸ்லைட்டுக்கும் ஒரு கேள்வி வைத்தேன். இதைக் கேட்ட தொண்டர் கிணற்றடியில் எதை வேறுவிதமாகச் செய்வார்? பதில் இல்லாதவை எல்லாம் வெளியே. நிலத்தடி நீர் பற்றிய ஐந்து ஸ்லைட் மூன்று வசனமாகச் சுருங்கியது. நிலாவரைக் கிணற்றுப் படம் எனக்கு மிகவும் பிடித்தது, அதையும் விட்டேன். கிணறுகள் குறித்த வரைபடத்தைச் சொல்லால் சொல்லவே முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரின் கிணற்றுப் பட்டியலும் எழுத்தாகத் தனியே போகிறது. ஒலியில் "உங்கள் பட்டியலை இறங்கியதும் பாருங்கள்" என்று மட்டும் வரும். "இறங்கியதும்" என்பது தேவையான சொல். அது இல்லாவிட்டால் பதிவை நிறுத்திவிட்டு அப்போதே தேடுவார்கள்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம். ஸ்லைட்டில், கிருமி மாதிரி 24 மணி நேரத்துக்குள், நைட்ரேற் மாதிரி 48 மணி நேரத்துக்குள், இரண்டும் குளிரில் என்று இருந்தது. இரண்டு எண், இரண்டு போத்தல், மறுபடி மாறிப்போக வழி. தொண்டருக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: "இரண்டும் ஐஸ் பெட்டியில். இன்று பின்னேரமே எங்கள் கையில்." எண் இல்லாமலே முடிந்தது. அலசும் தரத்தைத் தவிர, ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்திருக்கிறோம். நைட்ரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வீட்டுக்காரர் இதைக் கட்டாயம் கேட்பார். ஆனால் ஐம்பதும் எண்பதும் இரைச்சலில் சகோதரங்கள். அறுபதும் எழுபதும் அப்படியே. ஆகவே "ஒரு எண் வருகிறது. ஐம்பது. ஐந்து, பூச்சியம்." முன்னறிவிப்பு, எண், பிறகு இலக்கம் இலக்கமாக. சின்னப் போத்தலில் விடும் இடத்துக்கும் அளவு சொல்லவில்லை, "இரண்டு விரல்" என்றால் போதும், ஆய்வகத்தில் குலுக்குவதற்கு அவ்வளவு காற்றிடம் வேண்டும்.

இப்படி எழுதி முடித்த பேச்சுப்படி 780 சொல் வந்தது. நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல். அப்படியாக எட்டு நிமிடம். ஒரு வசனத்துக்கு எட்டு ஒன்பது சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்தேன். "கிணற்றிலிருந்து வாளியால் அள்ளிய நீரை ஊற்றி நிரப்பிய போத்தல்" போன்ற நீண்ட அடைமொழிகளை எல்லாம் உடைத்தேன். வினை வரும்வரை கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் ஒரு குழியில் பஸ் விழுந்தால் தொடக்கம் மறந்துவிடும்.

பதிவு செய்தது சாதாரணப் போனில்தான். உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் இருந்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனை வைத்தேன். மின்விசிறி நிறுத்தம். கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணிக்கு. பிறகு கணினியில் இந்தக் கட்டளை:

```
ffmpeg -i pathivu.wav -ac 1 -af "highpass=f=90,acompressor=threshold=-20dB:ratio=3:attack=10:release=200,loudnorm=I=-16:TP=-1.5:LRA=7" -ar 44100 -b:a 64k pathivu.mp3
```

இதில் `highpass` 90 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை எடுக்கிறது. பேச்சுக்கு அது தேவையில்லை, பஸ் இயந்திரமே அந்தப் பகுதியை நிரப்பிவிடும். `acompressor` உரத்த இடத்தைத் தணிக்கிறது. அதன்பின் `loudnorm` முழுவதையும் உயர்த்தி ஒரே உரப்பில் நிறுத்துகிறது. இரண்டும் சேர்ந்து, வசனத்தின் கடைசியில் தாழ்ந்துபோகும் "கூடாது", "வேண்டாம்" மேலே எழும்புகின்றன. முன்பு சொன்ன வால் பிரச்சினைக்கு இதுவும் ஒரு மருந்து. ஆனால் எழுத்தில் திருத்தாமல் இதை மட்டும் நம்ப முடியாது, ஹோர்ன் எல்லாவற்றையும் விழுங்கும். `-ar 44100` ஐ விட்டுவிடாதீர்கள். `loudnorm` உள்ளே மாதிரி வீதத்தை உயர்த்திவிடும், அதை இங்கே திரும்ப இறக்குகிறோம். எட்டு நிமிடம் 64 கிலோபிட்டில் நாலு மெகாபைட்டுக்கும் குறைவு. ஒரு காதில் மட்டும் ஹெட்போன் போட்டுக் கேட்பார்கள், மற்றக் காது இறங்கும் இடத்தைக் கவனிக்க. ஆகவே இடம் வலம் பிரிக்காத ஒற்றைத் தடம். கோப்பை முதல் நாள் இரவே அனுப்பி, அப்போதே இறக்கி வைக்கச் சொல்கிறோம், வழியில் சிக்னலை நம்பாமல்.

பதிவு சரியா என்று அறிய இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டிலேயே செய்யலாம். பதிவின் நீளத்தில் ஏதாவது ஒரு இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து 40 வினாடி ஒருவருக்குக் கேட்கக் கொடுத்து, எந்தப் போத்தலைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்பது. பத்து இடத்தில் செய்தேன். இரண்டாம் பதிப்பில் நாலு இடத்தில் தம்பிமார் விழித்தார்கள். காரணம், "அது", "இதை" என்று சுட்டுச் சொல்லாலேயே பேசிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு மூன்று வசனத்துக்கும் ஒரு தரம் "சின்னப் போத்தல்" என்ற பெயரைத் திரும்பச் சொன்னதும் பத்திலும் சரியாகச் சொன்னார்கள். எழுத்தில் இப்படித் திரும்பத் திரும்ப எழுதினால் அலுப்பு. காதுக்கு அலுக்கவில்லை.

மற்றது பஸ் சோதனை. குறிகட்டுவான் பஸ்ஸில் பின் சில்லுக்கு மேலே உள்ள சீட்டில் இருந்து முழுவதையும் கேட்டேன். ஆக இரைச்சலான இடம் அது. பாட்டும் ஓடியது. கேட்கத் தவறிய சொற்களைக் கையில் எழுதிக்கொண்டேன். பதினொரு சொல். அவற்றில் ஒன்பது வசனத்தின் கடைசிச் சொல். இதைப் பார்த்த பிறகுதான் மேலே சொன்ன மறுப்பு விசயம் எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது. கூடத்தில் இருந்து எவ்வளவு நேரம் கேட்டிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

இன்னொன்றும் அந்த நாட்களில் தெரியவந்தது. ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே கேட்டிருக்கிறார். பதிவின் முதல் வசனம் இப்போது அதுதான்: "சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓடுகிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்."

புதிய பதிவோடு இரண்டு நாள் போய் வந்திருக்கிறார்கள், புங்குடுதீவுக்கு ஒன்று, வேலணைக்கு ஒன்று. திரும்பி வந்ததும் ஒவ்வொருவரிடமும், சொல்லிக் கொடுக்காமல், "சின்னதை என்ன செய்தீர்கள், பெரியதை என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். போத்தல் மாறவில்லை. ஆனால் பெரிய போத்தலை எத்தனை தரம் அலசுவது என்பதில் ஒரு தங்கச்சி இரண்டு என்றார். பதிவைப் பார்த்தால் "மூன்று தரம்" என்பது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் வசனத்தின் நடுவில். அதை "அலசுங்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று கையோடு சேர்த்து எண்ணுவது போல மாற்றியிருக்கிறேன்.

சின்னப் போத்தல் பகுதியை மட்டும் வெட்டி, 50 வினாடிப் பதிவாகத் தனியாகவும் அனுப்புகிறோம். அது பஸ்ஸில் கேட்பதற்கல்ல. கிணற்றுக் கட்டில் போத்தலை வைத்துவிட்டு, மூடியைத் திறக்கும் முன் ஒரு தரம் கேட்பதற்கு. முதலில் பிழைத்த அந்தத் தம்பிதான் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார்.